காபி மேக்கரை அணைக்காமல் விட்டால் எத்தனை யூனிட் போகிறது? நீங்களே அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

காபி மேக்கரின் அடியில் 1000 வாட் என்று எழுதியிருக்கிறது. காலை எட்டு மணிக்குப் போட்டது மாலை ஐந்துவரை எரிகிறது. ஒன்பது மணி நேரத்தை 1000 வாட்டால் பெருக்கி, ஒன்பது யூனிட் போய்விட்டது என்று பதறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே மெஷினைக் காட்டி, "சும்மா சூடாக இருக்கிறது, அதற்கு என்ன பெரிதாகப் போகும்" என்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு கணக்குமே தவறு. நான் அளந்தபோது அந்த ஒன்பது மணி நேரத்துக்கு முக்கால் யூனிட் போனது. அதில் காபி போடச் செலவானது ஆறில் ஒரு பங்குதான். மீதி முழுவதும் சூடாக வைத்திருந்த செலவு.

இந்த இரண்டு செலவையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் டிரிப் காபி மேக்கர், எஸ்பிரெசோ மெஷின், கெட்டில் எதுவானாலும் கணக்குப் போட்டுவிடலாம். காய்ச்சும் செலவு ஒருமுறை போவது. அது நீரின் அளவைப் பொறுத்தது. சூட்டைக் காக்கும் செலவு நேரத்தோடு ஓடிக்கொண்டே இருப்பது. அது மெஷின் எவ்வளவு வெப்பத்தை வெளியே விடுகிறது என்பதைப் பொறுத்தது. கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். குளிர்ந்த மெஷினைத் தொடங்கி அளக்கும் வாய்ப்பு பெரும்பாலும் ஒரு நாளுக்கு ஒருமுறைதான் கிடைக்கும். அதைத் தவறவிட்டால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும்.

## முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் இடையே செருகும் மின் அளவி ஒன்று வேண்டும். அது வாட்டை மட்டும் காட்டினால் போதாது. மொத்தமாகச் சேர்ந்த யூனிட்டை, அதாவது திரையில் kWh என்று வரும் எண்ணையும் காட்ட வேண்டும். ஒரு kWh தான் மின் கட்டண ரசீதில் வரும் ஒரு யூனிட்.

வாங்கும் முன் அதன் ஆம்பியர் அளவைப் பாருங்கள். 230 வோல்ட்டில் ஓடும் 3000 வாட் கெட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் அளவியில் அதைச் செருகினால் அளவியே சூடேறி உருகிப்போகலாம். எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாகவும் அளக்காதீர்கள். சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள்.

இதோடு அளவுக்கோப்பை, சமையலறைத் தெர்மாமீட்டர், கைப்பேசியில் உள்ள ஸ்டாப்வாட்ச், ஒரு தாள். இவை போதும். அளவி கிடைக்காதவர்களுக்கான வழி ஏழாம் படியில் இருக்கிறது.

## 1. மெஷின் எப்படிச் சூடாகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு எண்களைப் பார்த்துக் குழம்புகிறார்கள்.

கண்ணாடி ஜக் உள்ள சாதாரண டிரிப் காபி மேக்கரில் நீரைக் காய்ச்சுவதும் ஜக் நிற்கும் தட்டைச் சூடாக்குவதும் பெரும்பாலும் ஒரே ஹீட்டர்தான். தட்டின் அடியில் லாட வடிவில் வளைந்திருக்கும். அதையொட்டி நீர்க்குழாயும் போகும். தொட்டியில் நீர் இருக்கும்வரை ஹீட்டரின் வெப்பத்தை நீர் வாங்கிக்கொள்ளும். நீர் தீர்ந்ததும் தட்டின் சூடு ஏறும், தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டிக்கும். கொஞ்சம் ஆறியதும் மறுபடி இணைக்கும். பிறகு அணைக்கும்வரை இப்படியே விட்டுவிட்டு எரிந்துகொண்டிருக்கும்.

அதனால்தான் அடியில் எழுதியிருக்கும் 1000 வாட்டை நேரத்தால் பெருக்கக் கூடாது. ஹீட்டர் எரியும்போது 1000 வாட் இழுப்பது உண்மை. ஆனால் ஒரு மணி நேரத்தில் நான்கைந்து நிமிடங்கள்தான் எரியும்.

எஸ்பிரெசோ மெஷின்களில் இரண்டு வகை. நீர் ஓடும்போதே சூடாக்கும் சிறிய உலோகக் கட்டி உள்ளவை ஒரு வகை. இவை ஒன்றிரண்டு நிமிடத்தில் தயாராகிவிடும், அவற்றில் தங்கும் வெப்பமும் குறைவு. பாய்லரும், காபி இறங்கும் கனமான பித்தளைத் தலையும் உள்ளவை இன்னொரு வகை. இவை தயாராக அரை மணி நேரம் ஆகும். அந்த உலோகம் முழுவதும் நாள் பூராவும் அறைக்குள் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அணைக்காமல் விட்டால் அதிகம் செலவு வைப்பது இந்த வகைதான்.

மெஷின் தானாக அணைகிறதா என்றும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல் விற்பனைக்கு வந்த வீட்டு உபயோக மெஷின்களுக்கு இது விதி. கண்ணாடி ஜக் உள்ள டிரிப் மெஷின் காபி இறங்கி முடிந்த 40 நிமிடத்துக்குள்ளும், ஃபிளாஸ்க் ஜக் உள்ளது 5 நிமிடத்துக்குள்ளும் தானாகவே அணைய வேண்டும். பழைய மெஷின்களிலும் கடைகளுக்கென்று செய்த மெஷின்களிலும் இந்த வசதி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

## 2. இரவில் தொடங்குங்கள்: அணைத்த நிலையில் என்ன போகிறது?

மெஷினை அணைத்துவிட்டு, பிளக்கை அளவியில் செருகி, அளவியைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். நேரத்தைக் குறித்துக்கொண்டு காலைவரை அப்படியே விடுங்கள். இரவில் தொடங்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஸ்டாண்ட்பை அளவும் கிடைக்கும், மெஷினும் முழுதாகக் குளிர்ந்து மறுநாள் காலை அளவுக்குத் தயாராகிவிடும்.

டக்கென்று அழுத்தும் சாதாரண சுவிட்ச் உள்ள மெஷினில் எதுவும் ஓடாது. கடிகாரமும் தொடுபொத்தானும் உள்ளவற்றில் ஒன்றிரண்டு வாட் ஓடலாம். 2 வாட் ஆண்டு முழுவதும் ஓடினால் 17.5 யூனிட். வீணாகப் போவதுதான், ஆனால் அடுத்து வரப்போகும் எண்களோடு பார்த்தால் சிறியது.

இந்தப் படியில் பலரும் செய்யும் தவறு, திரையில் 0 வாட் என்று வந்ததை அப்படியே நம்புவது. விலை குறைந்த அளவிகள் ஒன்றிரண்டு வாட்டுக்குக் கீழே சரியாகக் காட்டுவதில்லை. கடிகாரம் ஒளிர்கிறது, அளவி பூஜ்ஜியம் காட்டுகிறது என்றால் அளவியால் அதைப் பார்க்க முடியவில்லை என்றுதான் பொருள். அப்போது 1 வாட் என்று போட்டுக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள். இங்கே துல்லியத்துக்காக மெனக்கெடுவதில் பயனில்லை.

## 3. காலையில் குளிர்ந்த மெஷினைப் போடுங்கள்: காய்ச்சும் செலவு

அளவியை மறுபடி பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, நீரை அளந்து ஊற்றுங்கள். ஜக்கின் பக்கத்தில் போட்டிருக்கும் கப் கணக்கை நம்ப வேண்டாம். மெஷினுக்கு மெஷின் அந்தக் கப்பின் அளவு மாறும்.

காபி முழுதாக இறங்கியதும், தெர்மோஸ்டாட் முதல்முறை துண்டித்த உடனே, அளவியில் உள்ள எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். நான் 1.25 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து காய்ச்சியபோது எட்டு நிமிடம் ஆனது. 0.13 யூனிட் போயிருந்தது.

இந்த எண் சரிதானா என்று ஒரு சிறு கணக்கில் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த 4.19 கிலோஜூல் வேண்டும். ஒரு யூனிட் என்பது 3600 கிலோஜூல். 1.25 லிட்டரை 93 டிகிரிவரை கொண்டுபோக நீருக்கு மட்டும் ஏறக்குறைய 0.1 யூனிட் தேவை. மீதி 0.03 யூனிட் ஆவியிலும் தட்டிலும் ஜக்கிலும் போனது. உங்கள் அளவு நீருக்குத் தேவையானதைவிடக் குறைவாக வந்தால், எண்ணை முன்கூட்டியே எழுதியிருப்பீர்கள், அல்லது நீரை அளந்ததில் பிசகியிருப்பீர்கள். இயற்பியல் அதற்கும் கீழே போக விடாது.

பாய்லர் மெஷினில் இதே படிக்கு அதிக நேரம் ஆகும், ஒரு பொறியும் இருக்கிறது. தயார் என்று காட்டும் விளக்கு, பாய்லர் நீர் சூடானதைத்தான் சொல்கிறது. பித்தளைத் தலை இன்னும் குளிர்ந்துதான் இருக்கும். விளக்கு எரிந்தவுடன் எண்ணை எழுதிவிட்டால் பாதிச் செலவுதான் தாளில் வரும். ஹீட்டர் எரியும் இடைவெளியைக் கவனியுங்கள். முதலில் அடிக்கடி எரியும், பிறகு இடைவெளி நீளும். ஒரே இடைவெளியில் மூன்று முறை எரிந்தால் முழு மெஷினும் சூடேறிவிட்டது. நான் அளந்த ஒரு மெஷினில் இதற்கு 35 நிமிடம் ஆனது, 0.25 யூனிட் போனது.

## 4. ஒரு மணி நேரம் காத்திருங்கள்: காக்கும் செலவு

இதுதான் முக்கியமான படி. புதியவர்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான்.

மெஷினை அணைக்காமல் அளவியின் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சரியாக ஒரு மணி நேரம் கழித்து மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஒரு மணி நேரக் காக்கும் செலவு. என் டிரிப் மெஷினில் அது 0.07 யூனிட், அதாவது சராசரியாக 70 வாட்.

ஒரு மணி நேரம் எதற்கு, ஐந்து நிமிடம் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. திரையில் தெரியும் வாட் எந்த நொடியில் பார்க்கிறோமோ அந்த நொடிக்கு மட்டும் உரியது. ஹீட்டர் எரியும்போது பார்த்தால் 950, அணைந்திருக்கும்போது பார்த்தால் 0. இரண்டுமே சராசரி அல்ல. முதல்முறை அளந்த நண்பர் ஒருவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "ஒன்றுமே போகவில்லையே" என்று சொன்னார். காபி இறங்கிய புதிதில் தட்டு நன்றாகச் சூடேறியிருக்கும். தெர்மோஸ்டாட் மறுபடி இணைக்கவே சில நிமிடங்கள் ஆகும். அவர் பார்த்தது அந்த இடைவெளியை.

அளவியின் கடைசி இலக்கத்தையும் பாருங்கள். kWh-இல் இரண்டு இலக்கம் மட்டும் காட்டும் அளவியில் 0.07 என்பது 0.065-ஆகவும் இருக்கலாம், 0.075-ஆகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட அளவி என்றால் மூன்று மணி நேரம் ஓடவிட்டு மூன்றால் வகுத்தால் பிழை குறையும்.

அளக்கும்போது ஜக் தட்டின் மேல் இருக்க வேண்டும், அதில் காபியும் இருக்க வேண்டும். ஜக் இல்லாத வெறும் தட்டு வெப்பத்தை வேறு விதமாக விடும், எண் மாறிவிடும். காலி ஜக்கை எரியும் தட்டில் விட்டு அளப்பது கூடவே கூடாது. கண்ணாடி விரிசல் விடும். அடியில் ஒட்டியிருக்கும் காபி கருகி வீடெல்லாம் நாறும்.

இனி இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காய்ச்ச 0.13, காக்க மணிக்கு 0.07. இரண்டு மணி நேரத்துக்குள் காக்கும் செலவு காய்ச்சிய செலவைத் தாண்டிவிடுகிறது. காலை எட்டரைக்குக் காபி இறங்கி மாலை ஐந்தரைவரை தட்டு எரிந்தால் காக்க மட்டும் 0.63 யூனிட். ஆண்டுக்கு 250 வேலை நாள் என்றால் ஏறக்குறைய 157 யூனிட். காபி போட்ட செலவு அதே 250 நாளுக்கு 32 யூனிட்தான். காபியின் சுவை அரை மணி நேரத்தில் கசந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த 157 யூனிட்டும் யாரும் விரும்பிக் குடிக்காத ஒன்றைச் சூடாக வைக்கவே போகிறது. எனக்கு இதில் உறுத்துவதும் இதுதான்.

பாய்லர் மெஷினின் கதை இன்னும் கூர்மையானது. நான் அளந்ததில் மணிக்கு 0.13 யூனிட் போனது. ஒரு கப் எஸ்பிரெசோவுக்காகச் சூடேற்றும் நீர், அலசிவிடுவதையும் சேர்த்து 60 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 0.005 யூனிட் போதும். அந்த மெஷின் ஒரு மணி நேரம் சும்மா நிற்கும் செலவில் இருபத்தாறு கப்புக்கான நீரைச் சூடாக்கலாம்.

## 5. அணைத்துப் போட்டால் அதிகம் போகுமா? சோதித்துப் பாருங்கள்

"அடிக்கடி அணைத்துப் போட்டால் மறுபடி சூடாக அதிகம் இழுக்கும், விட்டுவிடுவதே சிக்கனம்" என்று ஒரு பேச்சு உண்டு. நம்பும்படியாகத்தான் இருக்கும். மறுபடி போட்டதும் அளவி 1000, 1400 என்று தாவுவதைக் கண்ணால் பார்க்கிறோம் அல்லவா? பாய்லர் மெஷின் வைத்திருப்பவர்கள் இதை நேராகச் சோதித்துப் பார்க்கலாம்.

நன்றாகச் சூடேறிய மெஷினை அணையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள். மூன்றாம் படியில் சொன்னபடி ஹீட்டர் சீரான இடைவெளிக்கு வரும்வரை காத்திருந்து எண்ணை எழுதுங்கள். எனக்கு 0.1 யூனிட் வந்தது. அணைக்காமல் விட்டிருந்தால் அந்த ஒரு மணி நேரத்துக்கு 0.13 போயிருக்கும்.

காரணம் எளிது. மறுபடி சூடாக்கும்போது நாம் நிரப்புவது, அணைந்திருந்த நேரத்தில் வெளியேறிய வெப்பத்தை மட்டும்தான். மெஷின் ஆற ஆற அறைக்கும் அதற்கும் உள்ள சூட்டு வித்தியாசம் குறைகிறது, வெப்பம் வெளியேறும் வேகமும் குறைகிறது. முழுச் சூட்டில் நிற்கும் மெஷின் அதே வேகத்தில் கடைசிவரை இழந்துகொண்டிருக்கும். ஆகவே அணைப்பதால் மின்சாரம் கூடுதலாகப் போவதற்கு வழியே இல்லை. இடைவெளி சிறியதானால் மிச்சம் சிறியது, பெரியதானால் பெரியது, அவ்வளவுதான்.

இங்கே செய்யும் தவறு, ஒரு மணி நேரம் அணைத்து வைத்ததன் பலனை, குளிர்ந்த மெஷினின் 0.25 யூனிட்டோடு ஒப்பிடுவது. ஒரு மணி நேரத்தில் பாய்லர் முழுதாகக் குளிர்வதில்லை. அந்த 0.25, இரவு முழுவதும் ஆறிய மெஷினுக்கு உரியது.

அணைக்காமல் இருக்க நியாயமான ஒரே காரணம் நேரம். இருபது நிமிடத்தில் அடுத்த காபி வேண்டுமென்றால் அணைப்பதில் பொருளில்லை, மிச்சமாவது 0.01 யூனிட்டுக்கும் கீழே. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் யாரும் தொடப்போவதில்லை என்று தெரிந்தால் அணைத்துவிடுங்கள்.

## 6. கெட்டிலைத் தனியாகப் பாருங்கள்

கெட்டிலை மற்ற இரண்டோடு சேர்த்துப் பார்ப்பதால்தான் குழப்பம். கொதித்ததும் தானாக அணையும் சாதாரண கெட்டிலுக்குக் காக்கும் செலவே கிடையாது. பிளக்கில் செருகியபடி விட்டாலும் எதுவும் ஓடாது. அதன் வீண் செலவு ஊற்றும் அளவில் இருக்கிறது.

இரண்டு கப்புக்கு 0.4 லிட்டர் போதும். கைப்பழக்கத்தில் 1.2 லிட்டர் ஊற்றிக் கொதிக்க வைக்கிறோம். 1.2 லிட்டருக்கு 0.12 யூனிட், 0.4 லிட்டருக்கு 0.045 யூனிட் போகும். ஒவ்வொரு முறையும் 0.075 யூனிட் கூடுதல். நாளுக்கு ஆறு முறை என்றால் 0.45 யூனிட். மீந்த நீர் சூடாகத்தானே இருக்கிறது, அடுத்த முறைக்கு உதவாதா என்றால், உடனே போட்டால் உதவும். இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் அந்த வெப்பத்தில் பெரும்பகுதி அறைக்குள் போயிருக்கும். வேண்டிய கப்பாலேயே நீரை அளந்து ஊற்றுங்கள். ஆனால் உள்ளே குறித்திருக்கும் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போகாதீர்கள். ஹீட்டருக்கு மேல் நீர் நிற்காவிட்டால் பாதுகாப்புத் துண்டிப்பு செயல்படும், கெட்டிலும் கெடும்.

கெட்டில் உண்மையிலேயே அணையாமல் ஓடுவது மூடி சரியாக மூடாதபோது. ஆவி உள்வழியாகப் போய் சுவிட்சைத் தொட்டால்தான் அது அணையும். மூடி திறந்திருந்தால் ஆவி மேலே போய்விடும், கெட்டில் கொதித்துக்கொண்டே இருக்கும். 2000 வாட் கெட்டிலில் அப்படிப் போகும் ஒவ்வொரு நிமிடமும் 0.033 யூனிட், ஐம்பது மில்லிலிட்டருக்கு மேல் நீரும் ஆவியாகும். கொதித்த பிறகு அணைய அரை நிமிடத்துக்கு மேல் எடுத்தால் மூடியின் விளிம்பையும் ஆவிப் பாதையையும் பாருங்கள்.

அதிக வாட் கெட்டில் அதிகம் தின்னும் என்பதும் சரியல்ல. 2200 வாட் கெட்டில் சீக்கிரம் முடித்துவிடும். 1000 வாட் கெட்டில் நீண்ட நேரம் எடுக்கும், அந்த நேரத்தில் சுவர் வழியாகக் கொஞ்சம் கூடுதல் வெப்பமும் போகும். யூனிட் கணக்கில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சூடாக வைத்திருக்கும் பொத்தான் உள்ள கெட்டில் மட்டும் தட்டு வகையைச் சேர்ந்தது. அதற்கு நான்காம் படியைச் செய்யுங்கள், அல்லது அடுத்து வரும் தெர்மாமீட்டர் வழியைப் பயன்படுத்துங்கள்.

## 7. அளவி இல்லாதவர்களுக்கு இரண்டு வழிகள்

முதல் வழி, ஆறும் வேகத்தைப் பார்ப்பது. கெட்டிலில் நீரைக் கொதிக்க வைத்து அணைத்துவிடுங்கள். மூடியபடியே இருக்கட்டும். 90 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். பிறகு இந்தக் கணக்கு:

```
W = 70 × L × D ÷ M
```

இதில் L என்பது நீரின் லிட்டர், D என்பது இறங்கிய டிகிரி, M என்பது நிமிடம். ஒரு லிட்டர் நீர் 14 நிமிடத்தில் பத்து டிகிரி இறங்கினால் விடை 50 வாட். ஏறக்குறைய 85 டிகிரியில் அதைக் காக்க அந்தக் கெட்டிலுக்குச் சராசரியாக அவ்வளவு வேண்டும். கெட்டிலின் உடலிலும் வெப்பம் தங்குவதால் உண்மை அளவு இதைவிடச் சற்றுக் கூடும். இரட்டைச் சுவருள்ள பாத்திரத்தில் இரண்டு லிட்டர் அதே பத்து டிகிரி இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் 20 வாட் அளவில் வரும்.

தெர்மாமீட்டரை நுழைக்க மூடியை அடிக்கடி திறந்தால் கணக்கு கெட்டுவிடும். மேற்பரப்பு ஆவியில்தான் அதிக வெப்பம் போகிறது. 90-இல் ஒருமுறை, 80-ஐ நெருங்கும்போது ஒருமுறை என்று திறந்து உடனே மூடுங்கள்.

இரண்டாவது வழி, வீட்டு மின் மீட்டரில் மின்னும் சிறு சிவப்பு விளக்கு. அதன் அருகில் `3200 imp/kWh` என்பதுபோல எழுதியிருக்கும். அதாவது 3200 முறை மின்னினால் ஒரு யூனிட். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மெஷினை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு மின்னுவதை எண்ணுங்கள். 224 முறை மின்னினால் 224-ஐ 3200-ஆல் வகுக்க 0.07 யூனிட். பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணத் தேவையில்லை. கைப்பேசியில் படம்பிடித்து வேகமாக ஓட்டி எண்ணலாம். ஃபிரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கினால் அந்த அளவு பயன்படாது. அதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

## 8. ஒரு நாளின் கணக்கை எழுதுங்கள்

இனி பெருக்கலும் கூட்டலும்தான். அந்தப் பாய்லர் மெஷினையே எடுத்துக்கொள்வோம். காலை ஏழு மணிக்குப் போட்டு மாலை ஐந்துவரை விட்டால், சூடேற 0.25, மீதி ஒன்பதரை மணி நேரத்துக்கு 1.24. மொத்தம் ஏறக்குறைய 1.49 யூனிட். நான்கு கப் காபிக்கு அதற்கு மேல் போவது 0.02தான்.

அதே நான்கு கப்பைக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று போட்டு அணைத்தால், இரண்டு முறையும் குளிர்ந்தே தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டாலும் 0.65 யூனிட்டுக்குள் முடியும். ஒரு நாளுக்கு மிச்சம் 0.85 யூனிட் அளவில். நாள்தோறும் என்றால் ஆண்டுக்கு முந்நூறு யூனிட்டைத் தாண்டும். இதை உங்கள் ரசீதில் ஒரு யூனிட்டுக்கு என்ன கட்டணமோ அதால் பெருக்குங்கள். கட்டணம் படிப்படியாக ஏறும் இடங்களில் சராசரிக் கட்டணத்தைப் போடாதீர்கள். நீங்கள் இருக்கும் மேல்படியின் கட்டணத்தைப் போடுங்கள். மிச்சமாகும் யூனிட் அந்த மேல்படியிலிருந்துதான் குறையும்.

அறை குளிர்சாதனத்தில் இருந்தால் மெஷின் விட்ட வெப்பத்தை வெளியேற்ற இன்னும் கொஞ்சம் மின்சாரம் போகும், சுமார் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளலாம். குளிருக்கு அறையைச் சூடாக்கும் இடமானால் அந்த வெப்பம் முழுதும் வீணாகாது.

## 9. எண் பெரிதாக வந்தால் எதை மாற்றுவது?

டிரிப் மெஷினுக்கு ஃபிளாஸ்க் ஜக் உள்ள மாடல் இருந்தால் தட்டே தேவையில்லை. புதிய மெஷின் வாங்காமலும் இதைச் செய்யலாம். காபி இறங்கியதும் வெந்நீரில் அலசிச் சூடேற்றிய ஃபிளாஸ்க்கில் ஊற்றிவிட்டுத் தட்டை அணையுங்கள். அலசாமல் ஊற்றினால் உள்சுவர் முதலிலேயே சில டிகிரியை உறிஞ்சிவிடும், "ஃபிளாஸ்க்கில் சூடு நிற்கவில்லை" என்று இரண்டாம் நாளே தட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

பாய்லர் மெஷினுக்கு டைமர் சாக்கெட் உதவும், எழுந்திருக்கும் அரை மணி நேரம் முன்பே போட்டு வைக்கும். அதன் ஆம்பியர் அளவு மெஷினின் முழு வாட்டுக்கும் தாங்க வேண்டும். அதைவிட முக்கியம், மின்சாரம் வந்ததும் மெஷின் தானாகவே எரியத் தொடங்குகிறதா என்று பார்ப்பது. பொத்தானை அழுத்தினால்தான் எழும் மெஷினுக்கு டைமர் அணைக்க மட்டுமே பயன்படும். தானாக எரியும் மெஷினானால், முந்தைய இரவே தொட்டியில் நீரை நிரப்பி வையுங்கள், பக்கத்தில் துணி, காகிதம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் ஊரில் இல்லாத நாட்களில் டைமரைப் பிடுங்கி வைத்துவிட்டுப் போங்கள்.